பதினைந்து கோடிக்கு ஒரு மறுப்புக் கடிதம்

கோவையில் பம்ப் மோட்டார்களுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிறுவனர்கள் இரண்டு பேர், வேலையாட்கள் நாற்பது பேர். ஒரு முதலீட்டு நிதி 15 கோடி ரூபாய் போட முன்வருகிறது. பணம் வருவதற்கு முன் நிறுவனத்தின் மதிப்பு 60 கோடி, வந்தபின் 75 கோடி. அதாவது முதலீட்டாளருக்கு 20 சதவீதப் பங்கு. நிறுவனமும் எண்களும் கற்பனை. ஆனால் இனி சொல்லப்போகும் நிபந்தனைகள் கடுமையான டேர்ம் ஷீட்டுகளில் உண்மையிலேயே காணக்கூடியவை.

டேர்ம் ஷீட் என்பது முதலீட்டு ஒப்பந்தத்துக்கு முந்தைய சுருக்க ஆவணம். பத்துப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். முதல் பக்கத்தில் மதிப்பீடு பெரிதாக இருக்கும். நிறுவனர்களின் கண் அங்கேயே நின்றுவிடும். உறவினர்களுக்குச் சொல்லிக்கொள்ளவும் அந்த எண்தான் உதவும். இந்த இரண்டு பேர் அதைத் தாண்டிப் படித்துவிட்டு, வேண்டாம் என்று எழுதினார்கள். ஏன் எழுதினார்கள் என்பது ஏழாம் பக்கத்தில் இருந்தது.

அந்தப் பக்கத்தின் தலைப்பு ‘வெளியேறும் வழிகள்’. முதலீட்டாளர் தன் பணத்தை எப்போது, எப்படித் திரும்ப எடுப்பார் என்பது படிப்படியாக எழுதப்பட்டிருந்தது. ஐந்து ஆண்டுக்குள் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட வேண்டும். முடியாவிட்டால், முதலீட்டாளரின் பங்குகளை நிறுவனமே திரும்ப வாங்க வேண்டும். இதைத்தான் பைபேக் என்கிறார்கள். விலை, அன்றைய நியாயமான மதிப்பு அல்லது போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீதக் கூட்டு வருவாய், இரண்டில் எது அதிகமோ அது. அதுவும் நடக்காவிட்டால், முதலீட்டாளர் முழு நிறுவனத்தையும் தனக்குச் சரியென்று படும் யாருக்கும் விற்கலாம். நிறுவனர்களும் தங்கள் பங்குகளை அதே ஆளுக்குக் கொடுத்தாக வேண்டும். இந்தக் கடைசி உரிமைக்கு டிராக் அலாங் என்று பெயர். மற்றவர்களையும் தன்னோடு விற்பனைக்கு இழுத்துப்போகும் உரிமை.

மேலோட்டமாகப் படித்தால் கடைசி வழி எப்போதோ, எல்லாம் கெட்டுப்போன பிறகு வருவதுபோல் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை.

15 கோடி ஆண்டுக்கு 20 சதவீதம் கூடினால் ஐந்தாம் ஆண்டு முடிவில் சுமார் 37 கோடியே 30 லட்சம். இந்த நிறுவனம் அவ்வளவு பணத்தைச் சேர்த்து வைத்திருக்குமா என்பது ஒரு கேள்வி. சேர்த்தே வைத்திருந்தாலும் கொடுக்கச் சட்டம் விடுமா என்பது அடுத்த கேள்வி. கம்பெனிகள் சட்டம், 2013-இன் 68-ஆம் பிரிவுப்படி, செலுத்தப்பட்ட மூலதனமும் கட்டற்ற இருப்புகளும் சேர்ந்த தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் பைபேக் செய்ய முடியாது. ஒரு பைபேக் முடிந்து ஓர் ஆண்டு ஆகாமல் அடுத்ததை அறிவிக்கவும் முடியாது. வளரும் நிறுவனம் முதலீட்டுப் பணத்தில் பெரும்பகுதியை ஆள், கருவி, சந்தை என்று செலவழித்துவிடும்; கணக்கில் அது நஷ்டமாக நிற்கும். நஷ்டத்தைக் கழித்தபின் 6 கோடி மிஞ்சியிருந்தால், பைபேக் வரம்பு ஒன்றரைக் கோடி. கேட்பதோ 37 கோடி.

ஆகவே இரண்டாவது படி வெறும் பேருக்குத்தான். ஐந்து ஆண்டில் பட்டியலிடுவதும் இந்த அளவு நிறுவனத்துக்கு எளிதல்ல. மேலே உள்ள இரண்டு படியும் நிற்காது என்றால், ஒப்பந்தத்தின் உண்மையான வெளியேறும் வழி கடைசியில் எழுதியதுதான். வெளியேறும் விதிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தக் கடைசி வழியோடு இன்னொரு விதி, இரண்டு பக்கம் முன்னாலேயே, சாதுவாக உட்கார்ந்திருந்தது: விற்பனைப் பணத்தில் முதலீட்டாளர் முதலில் தன் முதலீட்டின் இரண்டு மடங்கை எடுத்துக்கொள்வார், மீதியிலும் 20 சதவீதப் பங்கு கேட்பார். லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ் என்பது இதுதான். நிறுவனம் 50 கோடிக்கு விற்றால் முதலில் 30 கோடி முதலீட்டாளருக்கு. மிச்சம் 20 கோடியில் இன்னும் 4 கோடி அவருக்கே. நிறுவனர்கள், பங்கு வாங்கிய ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து 16 கோடி. இதுவே பரவலாகக் காணப்படும் ஒரு மடங்கு விதியாக, மீதியில் பங்கு கேட்காததாக இருந்தால், முதலீட்டாளருக்கு 15 கோடி, மற்றவர்களுக்கு 35 கோடி கிடைத்திருக்கும்.

விற்பனை விலை 30 கோடி என்றால் மற்றவர்களுக்கு ஒரு பைசாவும் இல்லை. முதலீட்டாளருக்கோ போட்டது இரட்டிப்பாகியிருக்கும். 75 கோடி மதிப்புச் சொல்லி வாங்கியதை 30 கோடிக்கு விற்றாலும் அவருக்கு லாபம்தான். விற்பனைக்குக் குறைந்தபட்ச விலை என்று எதுவும் எழுதப்படவில்லை. இந்த இரண்டு விதிகளும் தனித்தனியே பேசித் தீர்க்கக்கூடியவை. சேர்ந்து நிற்கும்போதுதான் பாரம்.

இன்னொன்று. பைபேக் கடமை ‘நிறுவனமும் நிறுவனர்களும் சேர்ந்தும் தனித்தனியாகவும்’ என்று எழுதப்பட்டிருந்தது. நிறுவனத்தால் முடியாததை நிறுவனர் தன் வீட்டை விற்றாவது செய்ய வேண்டும் என்று வாதிட இந்தச் சொற்கள் இடம் கொடுக்கும். சட்டம்தான் தடுக்கிறதே, பிறகென்ன என்று இருந்துவிட முடியாது. ஜப்பானின் டோகோமோ 2009-இல் டாடா டெலிசர்வீசஸில் முதலீடு செய்தபோது, ஐந்து ஆண்டு கழித்து வெளியேற விரும்பினால் போட்ட பணத்தில் பாதியாவது கிடைக்கும் என்று டாடா தரப்பு ஒப்புக்கொண்டிருந்தது. அந்த நேரம் வந்தபோது ரிசர்வ் வங்கி அந்த விலைக்கு அனுமதி தரவில்லை. ஆனாலும் லண்டன் நடுவர் மன்றம் 2016-இல் சுமார் 117 கோடி டாலர் கொடுக்க உத்தரவிட்டது. 2017-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதை அமல்படுத்த அனுமதித்தது. டாடா தாங்கிக்கொண்டது. நாற்பது பேர் கம்பெனி எப்படித் தாங்கும்?

கட்டுப்பாட்டு விதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலீட்டாளரின் முன் அனுமதி தேவைப்படும் காரியங்களின் பட்டியல் எல்லா டேர்ம் ஷீட்டிலும் உண்டு. புதுப் பங்கு வெளியிடுவது, நிறுவனத்தை விற்பது, தொழிலையே மாற்றுவது போன்றவை அதில் இருப்பது நியாயம்தான். இங்கே ஆண்டு பட்ஜெட்டும், அதற்கு வெளியே 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட எந்தச் செலவும் சேர்ந்திருந்தன. 20 சதவீதம் வைத்திருப்பவர் பட்ஜெட்டைத் தடுக்க முடியும் என்றால், அன்றாட நிர்வாகம் அவர் கையில் என்றுதான் பொருள். அதோடு, அனுமதி பெறாமல் செலவழிப்பது நிறுவனரைப் ‘போதிய காரணத்தோடு’ நீக்கப் போதுமானது என்றும், அப்படி நீக்கப்பட்டால் அவர் பங்குகளை முகமதிப்புக்கே திருப்பித் தர வேண்டும் என்றும் வேறொரு பக்கம் சொன்னது.

முதலீட்டாளரை வில்லனாக்கவும் கூடாது. அவர் போடுவதும் அடுத்தவர் பணம். இத்தகைய நிதிகள் பெரும்பாலும் எட்டு, பத்து ஆண்டில் மூடப்பட வேண்டியவை; அதற்குள் பங்குகளைப் பணமாக்கித் தன் முதலீட்டாளர்களுக்குத் திருப்பியாக வேண்டும். வெளியேறும் வழியே எழுதாத டேர்ம் ஷீட் கிடைக்காது. சண்டை அந்த வழியின் எடை பற்றியது.

நிறுவனர்கள் முதலில் போனில் சொன்னார்கள். அன்றே கடிதமும் போனது. இப்படிப்பட்ட கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“மதிப்புக்குரிய சார்,

நீங்கள் அனுப்பிய டேர்ம் ஷீட்டை எங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து படித்தோம். இதில் கையெழுத்திட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நீங்களும் உங்கள் குழுவினரும் தொழிற்சாலைக்கு வந்து, டீலர்கள் வரை பேசிப் பார்த்ததற்கு நன்றி.

மதிப்பீட்டில் எங்களுக்குக் குறை இல்லை. ஐந்தாம் ஆண்டு முடிவில் கேட்டிருக்கும் பைபேக்கை எங்களால் சட்டப்படி செய்ய முடியாது. அது தவறினால் விலை வரம்பில்லாமல் முழு நிறுவனத்தையும் விற்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. இரண்டு மடங்கு முன்னுரிமையோடு பார்த்தால், 30 கோடி விற்பனையில் எங்களுக்கும் ஊழியர்களுக்கும் எதுவும் மிஞ்சாது. பட்ஜெட்டுக்கும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட செலவுக்கும் முன் அனுமதி என்பதும் எங்களுக்குச் சரிவராது. சீசனுக்கு முன் சிப்பும் செம்பும் வாங்கும்போது ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

டேர்ம் ஷீட்டில் நாங்கள் கையெழுத்திடாததால் அதன் கீழ் இரு தரப்புக்கும் கடமை ஏதும் இல்லை. முன்பு செய்துகொண்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் மட்டும் தொடரும். எங்கள் ஆவணங்களைப் பார்க்கக் கொடுத்திருந்த அனுமதியை வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திவிடுகிறோம்.

வெளியேறும் விதிகளை மாற்றி எழுதலாம் என்று உங்கள் முதலீட்டுக் குழு கருதினால், புதிய ஆவணத்தைப் படிக்கத் தயாராக இருக்கிறோம்.”

முடிவு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. மூன்று பத்தி சுற்றி வளைத்துக் கடைசியில் ‘தற்போதைக்கு’ என்று எழுதினால், அது மறுப்பா பேரமா என்று படிப்பவருக்குத் தெரியாது. வேறு நிதிகள் என்ன தரத் தயாராக இருக்கின்றன என்ற பேச்சே இல்லை. அது ரகசியக் காப்பையும் மீறும், மிரட்டலாகவும் ஒலிக்கும். மூன்றாம் பத்தி வழக்கறிஞர் சொல்லிச் சேர்த்தது. ‘கட்டுப்படுத்தாது’ என்ற குறிப்போடு 2015-இல் ஓயோவும் ஜோஸ்டலும் போட்ட டேர்ம் ஷீட்டே நடுவர் மன்றம், டெல்லி உயர்நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

கையெழுத்திடும் முன் எழுதியதும் முக்கியம். டேர்ம் ஷீட்டின் பெரும்பகுதி கட்டுப்படுத்தாது என்றாலும், கையெழுத்தானதும் ஒரு பகுதி உயிர்பெறும். குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரிடமும் முதலீடு பற்றிப் பேசக்கூடாது என்ற விதி அதில் ஒன்று. பெரும்பாலும் 45 முதல் 60 நாள். கையில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மட்டும் பணம் இருக்கும் கம்பெனி ‘முதலில் கையெழுத்து, பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று இறங்கினால், அந்த அறுபதாவது நாளில் எதற்கும் தலையாட்ட வேண்டிவரும்.

இத்தகைய கடிதத்துக்கு இரண்டு விதமான பதில் வரும். நல்வாழ்த்துகள் என்ற ஒற்றை வரி ஒன்று. அதோடு விஷயம் முடிந்தது. மற்றது, அன்று மாலையே ஒரு போன்: “எந்த விதியை எவ்வளவு குறைக்கணும், சொல்லுங்க தம்பி.” அப்போது சொல்ல இவர்களிடம் பதில் எழுதித் தயாராக இருந்தது. முன்னுரிமை ஒரு மடங்கு, மீதியில் பங்கு இல்லாமல். டிராக் அலாங் ஏழாம் ஆண்டுக்குப் பிறகு, 75 கோடிக்குக் குறையாத விலைக்கு, நிறுவனர்களில் ஒருவராவது சம்மதித்தால். பைபேக், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, நிறுவனத்தின் பொறுப்பில் மட்டும். பட்ஜெட்டுக்கு அனுமதி வேண்டாம், ஆனால் மொத்தச் செலவு அதைவிட 20 சதவீதம் தாண்டினால் போர்டில் வைத்துப் பேசலாம். போனில் எல்லாவற்றுக்கும் சரி என்று கேட்டாலும், திருத்திய ஆவணம் கைக்கு வரும்வரை வேறு நிதிகளோடு நடக்கும் பேச்சை நிறுத்துவதில்லை என்பதையும் அந்தத் தாளின் அடியில் குறித்திருந்தார்கள்.