‘அல்லது’ வினாவும் நடுவுநிலையும்

கல்லூரித் தேர்வுத்தாள்களிற் பெரும்பாலும் மூன்று பகுதிகள் உள. முதற் பகுதியிலுள்ள குறுவினாக்கள் அனைத்திற்கும் எல்லாரும் விடையிறுத்தல் வேண்டும். இரண்டாம் பகுதியில், ஐந்து அலகுகளுக்கும் அலகிற்கு ஒன்றாக ஐந்து வினாக்கள் வரும். ஒவ்வொரு வினாவும் (அ) என்றும் (ஆ) என்றும் இரண்டாய்ப் பிரிந்து, இடையே ‘அல்லது’ என்னும் சொல்லைப் பெற்று நிற்கும். மூன்றாம் பகுதி, ஐந்தனுள் மூன்று என்றாற்போலத் தெரிந்தெடுக்கும் நெடுவினாக்கள் உடையது. இவற்றுள் இரண்டாம் பகுதியின் ‘அல்லது’ வினாவைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவ்விரு கிளைகளும் மதிப்பெண்ணால் ஒத்திருத்தல் எளிது. அருமையால் ஒத்திருத்தல் எங்ஙனம் என்பதே எம் வினா.

முதற்கண், இவ்வகை வினா பிற தெரிவு முறைகளினின்றும் வேறாதலை அறிதல் வேண்டும். எட்டு வினாக்களுள் யாதேனும் ஐந்து எழுதுக எனின், மாணாக்கர் ஐம்பத்தாறு வகையாகத் தெரிந்தெடுக்கலாம். அதனால் ஒருவன் ஓர் அலகையே படியாது விட்டும் தேறுதல் கூடும்; மேலும், எட்டு வினாக்களும் தம்முள் ஒத்த நிறையின ஆதல் வேண்டும். ‘அல்லது’ முறையிலோ எந்த அலகையும் ஒருவரும் விட்டுவிட இயலாது. வினாத்தாள் வகுப்போர் ஒரு வினாவின் இரு கிளைகளை மட்டும் ஒத்து நோக்கினாற் போதும். பதினோராம் வினா பன்னிரண்டாம் வினாவை ஒத்திருக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஐந்து வினாக்களிலும் இவ்விரண்டு கிளை எனவே, ஒரே தாள் முப்பத்திரண்டு வடிவங்களாய் மாணாக்கர் கைக்குச் செல்கின்றது. அம்முப்பத்திரண்டையும் ஒரே தாளெனக் கொண்டுதான் மதிப்பெண் பட்டியல் எழுதப்படுகின்றது. ஒவ்வொரு வினாவிலும் அரிய கிளை ஒரு மதிப்பெண் குறையச் செய்யுமாயின், அவற்றையே எடுத்த மாணாக்கன் ஐந்து மதிப்பெண் இழப்பான். தேர்ச்சி எல்லையின் அருகே நிற்பவனுக்கு அவ்வைந்தே ஓராண்டாகும்.

இனிக் கிளைகள் ஒவ்வாமற் போவது எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். அகத்திணை பற்றிய அலகில் ஐந்து மதிப்பெண்ணுக்குப் பின்வருமாறு ஒரு வினா அமைக்கப்பட்டதாகக் கொள்வோம்.

(அ) குறிஞ்சித் திணையின் முதற்பொருளை எழுதுக.
அல்லது
(ஆ) பாலைத் திணையின் முதற்பொருளுக்கும் உரிப்பொருளுக்கும் உள்ள இயைபை விளக்குக.

இரண்டும் ஓர் அலகின, மதிப்பெண்ணும் ஒன்றே. ஆயினும், முன்னது நினைவிலிருந்து எடுத்துரைக்கும் வினா. மலை, கூதிரும் முன்பனியும், யாமம் என்று எழுதிய அளவில் விடை முடிந்தது. பின்னதோ அத்தகைய செய்திகளை அறிந்ததற்கு மேலும் காரணம் காட்டி இணைக்கச் சொல்லுகின்றது. ‘எழுதுக’ என்னும் ஏவலும் ‘விளக்குக’ என்னும் ஏவலும் ஒரே வினாவின் இரு கிளைகளில் வருமாயின், அங்கே அறிவின் படி வேறுபட்டதென உடனே ஐயுறலாம். நினைவுகூர்தல், உணர்தல், பயன்படுத்தல், பகுத்தாராய்தல் என்று படிநிலை வகுக்கும் முறை 1956-இல் அமெரிக்கக் கல்வியறிஞர் புளூம் முதலியோர் வெளியிட்ட நூலால் பரவியது. வினாத்தாள் வகுப்போர் பலர் இன்று அம்முறை கொண்டே கிளைகளை ஒப்பிடுகின்றனர். ஏவல் வினையை மட்டும் நோக்கிப் படியை முடிவு செய்தல் ஆகாது என்பதும் அறியத்தக்கது. வகுப்பில் எழுதிக்கொடுத்த குறிப்பை அப்படியே ஒப்புவித்து விடுக்கத்தக்க ‘விளக்குக’ வினாவும் உண்டன்றோ?

மேற்கண்ட குறையை நீக்க விரும்பும் ஒருவர் (அ) கிளையைத் திருத்தி, ‘முல்லைத் திணையின் முதற்பொருளுக்கும் உரிப்பொருளுக்கும் உள்ள இயைபை விளக்குக’ என்று அமைப்பார். இப்பொழுது முல்லை என்னும் சொல்லும் பாலை என்னும் சொல்லும் ஒழிய இரு கிளைகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துள்ளன. பார்ப்பவர் எவரும் நடுவுநிலை எய்திற்றென்றே கொள்வர். ஆனால், எய்தவில்லை. அதனை அறியும் வழி ஒன்றே: வினாவை எழுதிய கையாலேயே இரு விடைகளையும் மதிப்பெண் பங்கீட்டோடு எழுதிப் பார்த்தல்.

பங்கீட்டை இவ்வாறு கொள்வோம். நிலம் கூறியதற்கு ஒன்று, பெரும்பொழுதும் சிறுபொழுதும் கூறியதற்கு ஒன்று, நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது ஆகிய மூன்றும் உரிப்பொருளோடு இயையுமாற்றைக் காட்டியதற்கு ஒவ்வொன்றாக மூன்று, ஆக ஐந்து. முல்லைக்கு நிலம் காடு; பெரும்பொழுது கார்; சிறுபொழுது மாலை; உரிப்பொருள் இருத்தல். கார் தொடங்குமுன் மீள்வேன் என்று சொல்லிப் பிரிந்தான் தலைவன் என்பதும், ஆநிரை வீடு திரும்பும் மாலையில் தலைவியின் தனிமை மிகுமென்பதும், மழை பெற்ற காட்டின் வழியே அவன் தேர் வருமென்பதும் மூன்று இயைபுகளாம். ஐந்து மதிப்பெண்ணும் தடையின்றி நிரம்பின.

பாலைக்கு எழுதப் புகின், முதல் மதிப்பெண்ணிலேயே இடர்ப்பாடு தோன்றும். தொல்காப்பியர் நிலம் பகுத்தவிடத்து நான்கு நிலமே கூறினார். பாலைக்குத் தனிநிலம் கூறினாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையைப் பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. ஆகவே, நன்கு கற்ற மாணாக்கன் ‘நிலம் யாது’ என்பதற்கே நான்கைந்து வரிகள் எழுதுவான். அவனுக்கும் கிடைப்பது ஒரு மதிப்பெண்ணே. கல்லாதவனோ ‘மணலும் மணல் சார்ந்த இடமும்’ என்று ஒரு வரியில் முடிப்பான். திருத்துவோர் சிலர் அதற்கும் அந்த ஒன்றை அளிப்பர், சிலர் மறுப்பர். இங்ஙனம் ஒரு கிளையில் மட்டும் கொள்கை வேறுபாடு புகுந்தமையால், அருமையும் ஒவ்வாதாயிற்று; திருத்துமுறையும் ஒவ்வாதாயிற்று.

இதற்குத் தீர்வு யாது? பாலையை நீக்கிக் குறிஞ்சியை முல்லையோடு இணைத்தல் ஒரு வழி. குறிஞ்சிக்கும் தனக்குரிய நிலமும் தனக்கெனச் சுட்டிய பருவமும் உண்டு. தினைப்புனமும் சாரலும் தனியே எதிர்ப்பட இடந்தரும். கூதிரும் முன்பனியும் கூட்டத்தை விரும்பச் செய்யும். யாமம் இரவுக்குறிக்கு உரியது. குறிஞ்சியிற் பெரும்பொழுது இரண்டாயினும், பொழுதிற்கு ஒரே மதிப்பெண் என்று முன்னரே வரையறுத்தமையால் நிறை வேறுபடாது. ஆயினும் இரண்டையும் கூறினாலன்றி முழு மதிப்பெண் இல்லை என்பதா, ஒன்று போதும் என்பதா என்பதைப் பங்கீட்டிற் குறித்துவிடல் வேண்டும். மருதத்தையோ நெய்தலையோ முல்லையோடு இணைத்தல் அத்துணைப் பொருந்தாது. அவ்விரண்டிற்கும் ஆறு பருவமும் உரியன என்பர். ஆதலின், குறிப்பிட்டதொரு பருவத்தை உரிப்பொருளோடு இயைத்துக் காட்டும் அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு அங்கே இடம் குறைவு. நெய்தலுக்குரிய எற்பாடு என்பதற்கோ கதிரவன் மறையும் பொழுதென்றும் தோன்றும் பொழுதென்றும் இருவேறு உரையுண்டு. பாலையையே வினவ விரும்பின், அதனை இரு கிளைகளிலும் வாராது மூன்றாம் பகுதியின் நெடுவினாவாக்கி, நிலம் பற்றிய கருத்து வேறுபாட்டிற்குத் தனி மதிப்பெண் வகுத்தலே தக்கது.

இதுகாறும் கூறியது தேர்வுக்கு முன்னர்ச் செய்வது. தேர்வுக்குப் பின்னர், கிளைகள் ஒத்திருந்தனவா என்று அறிய முடியுமா? இரு கிளைகளின் சராசரியை ஒப்பிட்டுப் பார்த்தால் போதுமென்று பலர் கருதுவர். அது பிழைபடும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுவோம். அறுபது மாணாக்கருள் 48 பேர் முல்லைக் கிளையை எடுத்துச் சராசரி 3.25 பெற்றனர், 12 பேர் பாலைக் கிளையை எடுத்துச் சராசரி 3.5 பெற்றனர் என்க. சராசரியை மட்டும் நோக்கின், பாலையே எளிது என்று தோன்றும். ஆனால், யார் எதை எடுத்தார் என்பதையும் நோக்கல் வேண்டும். அதற்கு எல்லாரும் எழுதிய முதற் பகுதியே அளவுகோலாம். முதற் பகுதியில் இருபதுக்கு 12 முதல் 14 வரை பெற்றோரை மட்டும் பிரித்தெடுத்தால், முல்லை எழுதிய 20 பேரின் சராசரி 3.4, பாலை எழுதிய நால்வரின் சராசரி 2.5. முதற் பகுதியில் 17-ம் அதற்கு மேலும் பெற்றோருள், முல்லை எழுதிய அறுவரின் சராசரி 4.5, பாலை எழுதிய எழுவரின் சராசரி 4. ஒத்த ஆற்றலுடையாரை ஒப்பிட்ட இரண்டிடத்தும் பாலையே அரிதாயிற்று. வல்லவர் பலர் அதனை எடுத்தமையாலன்றோ மொத்தச் சராசரி உயர்ந்து தோன்றிற்று.

இவ்வாய்விற்கும் எல்லையுண்டு. நால்வரைக் கொண்டு கண்ட சராசரி உறுதியானதன்று; பல ஆண்டு, பல வகுப்பு விடைத்தாள்களைச் சேர்த்தாலன்றி முடிவு கூறல் அரிது. மேலும், முதற் பகுதியில் ஒத்த மதிப்பெண் பெற்றோர், இந்த ஓரலகிலும் ஒத்த அறிவினர் என்று கொள்வது ஒரு கருதுகோளே. பாலையை எடுத்தோர், அதனையே சிறப்பாகப் படித்தோராயும் இருக்கலாம். அமெரிக்க அளவியலறிஞர் வெயினர், திசன் என்னும் இருவர் 1994-இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்விடர்ப்பாட்டை விரித்துக் காட்டினர். மாணாக்கர் எழுதாது விட்ட கிளையில் என்ன பெற்றிருப்பர் என்பது விடைத்தாளில் இல்லை என்பதே அதன் அடி. தமக்கு எளியதை மாணாக்கர் எப்பொழுதும் சரியாகத் தெரிந்தெடுப்பர் என்று கொள்ளுதலும் ஆகாது.

இவ்வெல்லையைக் கடக்க ஒரு வழி, கல்லூரியின் உள்தேர்வில் கைக்கொள்ளத்தக்கது. மாணாக்கர் முதலில் தாம் தெரிந்தெடுக்கும் கிளையைக் குறியிட்டுக் காட்டுக. பின்னர் இரண்டிற்கும் விடை எழுதுக. குறியிட்டதற்கு மட்டும் மதிப்பெண் சேர்க்கப்படும் என்று அறிவித்தல். அப்பொழுது ஒவ்வொருவரிடமும் இரு கிளைகளின் மதிப்பெண்ணும் கிடைப்பதால், ஒப்பீடு ஊகமாகாது. இரண்டாவதை மனமின்றி எழுதுவாரும் உளராதலின், குறியிடாத கிளை சற்றுத் தாழ்ந்து தோன்றும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எனவே, ‘அல்லது’ வினா அமைப்போர் செய்யத்தக்கது இதுவாம்: இரு கிளைகளும் ஓர் அலகினவாய், ஒரே அறிவுப்படியினவாய் அமைக, இரு விடைகளையும் ஒரே பங்கீட்டில் எழுதிப் பார்க்க, ஒரு கிளையில் மட்டும் கருத்து வேறுபாடு தலைப்படின், அதனை நீக்குக, தேர்வின் பின், முதற் பகுதியின் மதிப்பெண்ணைத் துணைக்கொண்டு மீண்டும் நோக்குக. சொல்லால் ஒத்திருந்த முல்லையும் பாலையும் விடையால் வேறுபட்டமையை மேலே கண்டோம். வினாவின் நிறையை வினாவில் தேடுவதினும் விடையில் தேடுவதே சாலும்.