சொல்லும் சுரமும் – 7: பாட்டி வந்ததும் புரளும் வாக்கியம்

மேனாம்பேட்டில் எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டுச் சிறுமி மாலையில் மோகனம் பாடிப் பழகுவாள். ச ரி க ப த என்று ஐந்தே சுரங்கள். நேற்று காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும் வழியில் மத்திமம் ஒன்று நுழைந்துவிட்டது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நான் அதே வரியைத் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று.

இதையே ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2009இல் ராபர்ட் ஸ்லெவ்க், ஜேசன் ரோசன்பர்க், அனிருத் பட்டேல் மூவரும் வெளியிட்ட சோதனை அது. அவர்களுடையது ஆங்கில வாக்கியம். நாம் தமிழில் ஒன்று எடுத்துக்கொள்வோம்.

'அம்மா மாவை அரைத்த பாட்டியைக் கூப்பிட்டாள்.'

முதல் மூன்று சொற்களைப் படித்ததுமே அரைப்பது அம்மா என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. 'பாட்டியை' வந்ததும் அந்தக் கட்டு அவிழ்கிறது. அரைத்தவள் பாட்டி, கூப்பிட்டவள் அம்மா. பிரித்துக் கட்டுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும்.

சோதனையில் வாக்கியம் துண்டு துண்டாகத் திரையில் வந்தது. படித்தவர் பொத்தானை அழுத்தினால் அடுத்த துண்டு வரும். அந்த இடைவெளிதான் அளவு. ஒவ்வொரு துண்டுடனும் பியானோவின் கார்ட் ஒன்று, அதாவது ஒருசேர ஒலிக்கும் சில சுரங்கள், காதில் விழுந்தது. வாக்கியம் புரளும் அதே இடத்தில் சுருதிக்குடும்பத்துக்கு அந்நியமான கார்ட் வந்தபோது தாமதம் கூடியது. சுரம் பிசகாமல் வாத்தியத்தின் குரல் மட்டும் மாறியபோது கூடவில்லை. இலக்கணம் சரியாக இருந்து, பொருந்தாத சொல் ஒன்று வந்த வாக்கியங்களிலும் கூடவில்லை. அதனால் வெறும் திடுக்கிடலைக் காரணம் சொல்ல முடியவில்லை. சொற்களைக் கோப்பதற்கும் சுரங்களைக் கோப்பதற்கும் மூளை ஒரே உழைப்பைப் பங்கிடுகிறது என்று பட்டேல் 2003இலேயே எழுதியிருந்தார். சொல்லறிவும் சுர அறிவும் தனித்தனியாகச் சேமிப்பில் இருக்கும், கோக்கும் வேலை மட்டும் பொது என்பது அவர் வாதம். பக்கவாதத்தால் பேச்சு குலைந்த பிறகும் ரஷ்ய இசையமைப்பாளர் ஷெபாலின் தொடர்ந்து இசையமைத்தாரே என்ற கேள்விக்கும் இதில் ஒரு பதில் உண்டு: அழிந்தது சேமிப்பாக இருக்கலாம்.

எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்திருந்தது. 2013இல் பெரூஷே, பூலன்-ஷாரொனா என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதில் கைவைத்தார்கள். 'மாலை வந்ததும் அதைச் சாமிக்குப் போட்டார்கள்' போன்ற வாக்கியங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பொழுது என்று படித்தது பூமாலையாகிறது; பொருள்தான் புரள்கிறது, இலக்கணக் கட்டு அப்படியே நிற்கிறது. அந்த வகை வாக்கியங்களிலும் அந்நிய கார்ட் தாமதத்தைக் கூட்டியது! அப்படியானால் பங்கிடப்படுவது இலக்கண உழைப்பு அல்ல, எண்ணத்தைத் திருத்தும்போது செலவாகும் பொதுவான கவனம் என்றாகிறது. 2023இல் ஃபெடரென்கோ குழுவினரின் மூளைப்படங்களும் மொழிப் பகுதிகள் இசையைக் கேட்கும்போது பெரிதாக இயங்குவதில்லை என்றே காட்டின.

இன்று எனக்கு இரண்டாவது கட்சியே வலுவாகப் படுகிறது. ஆனாலும் இவையெல்லாம் மேற்கத்திய இசையில் நடந்த சோதனைகள். மோகனத்தில் எந்தச் சுரம் உண்டு என்பதோடு, அது எந்தப் பிடியில் எப்படி அசைந்து வரும் என்பதும் விதி. அந்த விதியை மீறி, சுரம் மாறாமல் பிடி மட்டும் பிசகினால், 'பாட்டியை' என்ற இடத்தில் தாமதம் கூடுமா? அதையும் பொத்தானும் கடிகாரமும் வைத்து அளந்துவிடலாம்.