மூடிக்கு ஒரு கொட்டேஷன்

கோவையில் மேசை கிரைண்டர் தயாரிக்கும் சின்னப் பட்டறை ஒன்று, புதிதாக ஒரு பிளாஸ்டிக் மூடி போட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோல்டு வெட்டுமுன் மூடியைக் கணினியில் முப்பரிமாண மாடலாக வரைந்தாக வேண்டும். தனியாகத் தொழில் செய்யும் மாடலர் ஒருவரைக் கேட்டால், ஒரு பக்கத்தில் கொட்டேஷன் அனுப்புவார். பட்டறைக்காரரின் கண் நேரே தொகைக்குப் போகும். அதற்கு மேலே உள்ள வரிகளைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலில் வேலை வரம்பு. ஒரு மூடி, அதன் கைப்பிடி, அவ்வளவுதான். மோல்டு வடிவமைப்பும் பிளாஸ்டிக் சுருக்கமும் இதில் சேராது என்று எழுதியிருப்பார். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஆறும்போது ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்கும், 200 மி.மீ. மூடியில் அது 1 மி.மீ. அதை ஈடுகட்ட அளவைக் கூட்டுவது வழக்கமாக மோல்டுக்காரரின் வேலை. மாடலரும் கூட்டி அவரும் கூட்டினால் மூடி லொடலொடக்கும். இருவருமே விட்டுவிட்டால் டிரம்மில் இறங்காது.

அடுத்து, "இரண்டு முறை திருத்தம்". திருத்தங்களை எல்லாம் சேர்த்து ஒரே பட்டியலாகக் கொடுத்தால் அது ஒரு முறை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றைக்கே இரண்டும் தீர்ந்துபோகும். கைப்பிடியின் வளைவை மாற்றச் சொல்வது திருத்தம். 2 லிட்டருக்கு வரைந்ததை 3 லிட்டருக்கு மாற்றச் சொன்னால் அது புது வேலை, புது விலை.

நான் மிக முக்கியம் என்று நினைப்பது கோப்பு வகை. `.stl` கோப்பில் உருவம் முழுவதும் சின்னச் சின்ன முக்கோணங்களாக இருக்கும். மாதிரிக்கு ஒன்று 3டி பிரிண்ட் எடுக்க அது போதும். ஆனால் வட்டம் உண்மையான வட்டமாக இருக்காது, பட்டை பட்டையாகத் தெரியும். அளவின் அலகும் அதில் பதிவாகாது. மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலமாகத் திறந்தால் மூடி 25.4 மடங்கு பெரிதாகிவிடும். மோல்டுக்காரர் கேட்பது `.step`. அதில் வளைவுகள் கணக்குப்படி துல்லியமாக இருக்கும், அலகும் கூடவே வரும். கொட்டேஷனில் `.stl` மட்டும் இருந்தால், அட்வான்ஸ் கொடுக்குமுன் `.step` கோப்பையும் சேர்த்து எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

பணம் மூன்று தவணை. மொத்தம் 18,000 ரூபாய் என்றால், அட்வான்ஸாக 7,200, உருவத்தைப் பார்த்து ஒப்புதல் சொன்னதும் 5,400, கோப்புகளைத் தருமுன் 5,400. கடைசித் தவணை வரும்வரை படங்களை மட்டுமே காட்டுவார். அது அவநம்பிக்கை இல்லை. கோப்பு கைமாறிய பிறகு அவரிடம் வேறு பிடி கிடையாது. மாடலர் தன் மென்பொருளில் வைத்திருக்கும் மூலக்கோப்பு இந்தத் தொகையில் சேருமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் சேராது, அதற்குத் தனி விலை சொல்வார்.