மாதம் 5,550 ரூபாய்: அஞ்சலகமா, வங்கியா?

கணவர் காலமாகிச் சில மாதங்களில் காப்பீட்டுப் பணமும் பி.எஃப். பணமும் கைக்கு வந்து சேர்கின்றன. வயது 54. பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டார்கள், ஆனால் வேலையில் இன்னும் காலூன்றவில்லை. இருப்பது 15 லட்சம் ரூபாய். இனி மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு இந்தப் பணத்திலிருந்துதான் ஏதாவது வரவேண்டும். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் காணக்கூடிய இந்த நிலையில், உறவினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "போஸ்ட் ஆபீஸ்ல போடு, வரியே பிடிக்க மாட்டாங்க" என்பார் ஒருவர். "பேங்க்ல போடு, வேணும்கிறப்போ எடுத்துக்கலாம்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் பாதிதான் உண்மை.

முதலில் விகிதத்தைப் பார்ப்போம். இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டின் விதிகளை வைத்துப் போட்டவை. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில், அதாவது எம்.ஐ.எஸ். கணக்கில், அந்த ஆண்டு முழுவதும் வட்டி 7.4 சதவீதம். ஒருவர் தன் பெயரில் அதிகபட்சம் 9 லட்சம் போடலாம். அதற்கு மாதம் 5,550 ரூபாய் கிடைக்கும். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை மறுபரிசீலனை செய்தாலும், கணக்கு தொடங்கிய நாளில் இருந்த விகிதமே ஐந்தாண்டுக்கும் தொடரும். நடுவில் குறைக்க மாட்டார்கள்.

வங்கியின் கதை வேறு. 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி படிப்படியாக இறக்கி, டிசம்பரில் 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. வங்கிகளும் டெபாசிட் வட்டியைக் குறைத்தன. ஐந்தாண்டு டெபாசிட்டுக்கு ஒரு வங்கி 6.5 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 9 லட்சத்துக்கு மாதம் 4,875 வரும் என்று மனக்கணக்குப் போடத் தோன்றும். ஆனால் கைக்கு வருவது சுமார் 4,850தான். வங்கி தன் வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை என்றுதான் கணக்கிடுகிறது. அதை மாதாமாதம் முன்கூட்டியே கேட்டால், கொஞ்சம் கழித்துக்கொண்டு தருகிறது. 25 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் விகித அட்டையில் பார்த்த கணக்கும் பாஸ்புக்கில் விழும் தொகையும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று குழம்பாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, ஒரே 9 லட்சத்தில் மாதம் 700 ரூபாய் வித்தியாசம். ஐந்தாண்டில் 42,000 ரூபாய்.

இப்போது வரி. "அஞ்சலக வட்டிக்கு வரி கிடையாது" என்பது பரவலாக நம்பப்படும் தவறு. எம்.ஐ.எஸ். வட்டியும் வங்கி வட்டியும் வருமான வரிச் சட்டத்தின் முன் ஒன்றுதான். இரண்டுமே மொத்த வருமானத்தோடு சேர்ந்து, அவரவர் வரம்புக்கு ஏற்ப வரிக்கு உட்படும். வேறுபடுவது வட்டியைத் தருகிறவர் வரியைப் பிடித்துக்கொண்டு தருகிறாரா என்பதில் மட்டுமே. எம்.ஐ.எஸ். வட்டியில் டி.டி.எஸ். பிடிப்பதில்லை. வங்கியில், 60 வயதுக்கு உட்பட்டவருக்கு ஓராண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 60 வயது ஆனவருக்கு இந்த வரம்பு ஒரு லட்சம். பான் எண் தராதவருக்கு 20 சதவீதம்.

15 லட்சத்தையும் அந்தப் பெண்மணி வங்கியிலேயே போட்டால் என்ன ஆகும்? ஆண்டு வட்டி சுமார் 97,000 வரும். அவருக்கு வேறு பெரிய வருமானம் இல்லை, ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் 9,700 ரூபாய் பிடித்தமாகப் போய்விடும். ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். மாதம் 800 ரூபாயை நம்பியிருக்கும் வீட்டுக்கு அந்தக் காத்திருப்பு கனமானது. ரிட்டர்ன் போடத் தெரியாததால் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்களுக்கு, அது திரும்பாமலே போகிறது.

இதைத் தடுப்பது ஒரே ஒரு தாள். 2025-26 நிதியாண்டில் 60 வயதுக்கு உட்பட்டவர் 15ஜி படிவத்தையும், அதற்கு மேற்பட்டவர் 15ஹெச் படிவத்தையும் கொடுத்து, "எனக்கு இந்த ஆண்டு வரி வராது" என்று அறிவிக்க முடிந்தது. ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும், டெபாசிட் உள்ள ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டு, வங்கி முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பான் எண் டெபாசிட்டோடு இணைக்கப்படாவிட்டால் இந்தப் படிவம் செல்லாது.

அப்படியானால் உண்மையில் வரி யாருக்கு வரும்? புதிய வரி முறையில் நான்கு லட்சம் வரை வரியே இல்லை. அதற்கு மேல் 12 லட்சம் வரை போடப்படும் வரியும் தள்ளுபடியாகிவிடும். டெபாசிட் வட்டியை நம்பி வாழும் கைம்பெண்களில் பெரும்பாலோர் இந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருப்பவர்கள். ஆகவே 'வரி போக எது அதிகம்' என்ற கேள்விக்கு, அவர்களைப் பொறுத்தவரை, 'வரிக்கு முன் எது அதிகமோ அதுதான்' என்பதே பதில்.

ஆனால் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அரசு ஊழியரின் மனைவி ஒருவருக்கு மாதம் 40,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது, கூடவே 9 லட்சத்துக்கு எம்.ஐ.எஸ். வட்டியும் வருகிறது என்று கொள்வோம். புதிய முறையில் ஓய்வூதியத்திலிருந்து 25,000 கழியும். வட்டி 66,600 சேர்ந்து மொத்தம் 5,21,600. வரி பூஜ்யம். அதே பெண்மணி, வயது 60க்குக் கீழ், சேமிப்புக் கழிவு எதுவும் இல்லாமல், பழக்கத்தில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் கழிவு 15,000தான். மொத்த வருமானம் 5,31,600 ஆகி, ஐந்து லட்சக் கோட்டைத் தாண்டிவிடும். தள்ளுபடி முழுவதும் போய், செஸ் சேர்த்து சுமார் 19,570 ரூபாய் வரி கட்ட நேரிடும். அஞ்சலகத்துக்கும் வங்கிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ரிட்டர்னில் போடும் அந்த ஒரு டிக் பெரியது. இன்னொன்று: வரி பூஜ்யம் என்றாலும், கழிவுக்குப் பிறகும் அவர் வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆகவேண்டும். டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்பதற்காக எம்.ஐ.எஸ். வட்டியைக் காட்டாமல் விடக்கூடாது.

வங்கியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எம்.ஐ.எஸ். பணத்தை முதல் ஓராண்டு எடுக்கவே முடியாது. ஓராண்டு முடிந்து மூன்றாண்டுக்குள் எடுத்தால் அசலில் 2 சதவீதமும், அதன் பிறகு 1 சதவீதமும் கழிப்பார்கள். 9 லட்சத்தை ஒரே கணக்காகப் போட்டவர், இரண்டாம் ஆண்டில் மகள் திருமணத்துக்கு மூன்று லட்சம் தேவைப்பட்டால்கூட முழுக் கணக்கையும் மூட வேண்டும். 18,000 ரூபாய் போய்விடும். இதற்கு வழி எளிது. வரம்பு 9 லட்சத்துக்குத்தான், கணக்கின் எண்ணிக்கைக்கு அல்ல. மூன்று லட்சமாக மூன்று கணக்குகள் தொடங்கினால், ஒன்றை மட்டும் மூடி 6,000 ரூபாய் இழப்போடு தப்பலாம்.

வங்கி எந்த நாளிலும் பணத்தைத் திருப்பித் தரும். அதற்கும் விலை உண்டு, அது வேறு வடிவில் வரும். பணம் இருந்த காலத்துக்குரிய விகிதத்திலிருந்து அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைத்துக் கணக்கிட்டு, ஏற்கெனவே மாதாமாதம் தந்த வட்டியில் கூடுதலாகப் போனதை அசலில் பிடித்துக்கொள்வார்கள். 6.5 சதவீதத்தில் போட்ட மூன்று லட்சத்தை இரண்டாண்டில் எடுக்கும்போது, அவருக்கு 5.4 சதவீதம்தான் உண்டு என்று முடிவானால், பிடித்தம் சுமார் 6,600 ரூபாய். ஏறத்தாழ அஞ்சலகத்தின் அளவுதான். ஆனால் டெபாசிட்டை உடைக்காமல் அதன்மேல் கடன் வாங்கும் வசதி வங்கியில் இருக்கிறது. இரவில் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய வீட்டில் அந்த வசதியின் அருமை தெரியும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். அஞ்சலகப் பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு. ஊரிலுள்ள சிறிய வங்கி ஒன்றரை சதவீதம் கூடத் தருகிறது என்றால், அங்கே ஐந்து லட்சத்துக்கு மேல் வைக்க இந்தப் பெண்மணிக்கு எந்த நியாயமும் இல்லை.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டால், அந்த 15 லட்சத்தை இப்படிப் பிரிப்பதே பொருத்தம். எம்.ஐ.எஸ்.ஸில் மூன்று கணக்குகளாக 9 லட்சம்: மாதம் 5,550. வங்கியில் மாத வட்டி டெபாசிட்டாக நான்கு லட்சம்: சுமார் 2,155. மீதி இரண்டு லட்சம் அவசரத்துக்காக ஓராண்டு டெபாசிட்டில் புதுப்பித்துக்கொண்டே இருக்கட்டும். மாதம் கையில் 7,700 ரூபாய். வங்கியில் வரும் மொத்த வட்டி ஆண்டுக்கு சுமார் 39,000தான் என்பதால், அந்தப் படிவத்தைக் கொடுக்க மறந்தாலும் டி.டி.எஸ். பிடிக்கமாட்டார்கள். எம்.ஐ.எஸ். வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு வட்டி சேராது. ஆகவே அது அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி, கணக்கு தொடங்கும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 60 வயது ஆனதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாறலாம். அங்கே 8.2 சதவீதம், ஆனால் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

கடைசியாக, கவுன்ட்டரில் அடிக்கடி கேட்கும் ஒரு யோசனை. "மகனையும் சேர்த்து ஜாயின்ட்டாப் போட்டா 15 லட்சம் வரை போடலாம், மாதம் 9,250 வரும்மா." கணக்கு சரிதான். ஆனால் கூட்டுக் கணக்கில் ஒவ்வொருவருக்கும் சம பங்கு என்று விதி சொல்கிறது. 'இருவரில் எவரும் எடுக்கலாம்' என்ற வகையில் தொடங்கினால், தாய்க்குத் தெரியாமலே கணக்கை மூடவும் முடியும். மகன் நல்லவனாகவே இருக்கலாம். அவன் வாழ்க்கையிலும் கடன், தொழில் நஷ்டம் என்று எதுவும் வரலாம். மாதம் 1,500 ரூபாய் சொச்சம் கூடக் கிடைப்பதற்காக, மிஞ்சியிருக்கும் ஒரே பணத்தை இப்படிப் பங்கு வைக்க வேண்டாம். கணக்கு அந்த அம்மாவின் பெயரில் மட்டும் இருக்கட்டும், பிள்ளைகளை நாமினியாகப் போடட்டும்.