கைப்பேசியில் 20 ரிங்கிட், வாயிலில் சிவப்பு விளக்கு

பள்ளி முடிந்து டியூஷனுக்குப் போக தாமான் பஹாகியா எல்.ஆர்.டி. நிலையத்துக்கு வருகிறீர்கள். நேற்று இரவுதான் அம்மா உங்கள் டச் அண்ட் கோ இ-வாலட்டில் 20 ரிங்கிட் போட்டிருக்கிறார். கைப்பேசியைத் திறந்து பார்த்தால் அந்த 20 ரிங்கிட் அப்படியே இருக்கிறது. அட்டையை வாயிலில் வைக்கிறீர்கள். சிவப்பு விளக்கு. திரையில் மீதத் தொகை போதவில்லை என்று வருகிறது. பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். மறுபடி வைத்தாலும் அதே பதில்தான்.

வாயில் பழுதாகிவிட்டது என்று நினைத்து அடுத்த வாயிலுக்கு ஓடுபவர்களை அடிக்கடி பார்க்கலாம். ஓடிப் பயனில்லை. வாயில் சரியாகத்தான் வேலை செய்கிறது. அது உங்கள் கைப்பேசியைப் பார்க்கவே இல்லை. உங்கள் அட்டைக்குள் இருக்கும் சிறிய சில்லில் எழுதியிருப்பதை மட்டுமே படித்தது. அந்தச் சில்லில் 60 சென்தான் இருந்தது.

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. டச் அண்ட் கோ அட்டை ஒரு பணப்பை, டச் அண்ட் கோ இ-வாலட் இன்னொரு பணப்பை. இ-வாலட் பணம் நிறுவனத்தின் கணினியில் உங்கள் கணக்கில் இருக்கிறது. அட்டையின் பணமோ அட்டையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றில் போட்டது மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது. நெடுஞ்சாலைச் சாவடிகளில் இ-வாலட்டிலிருந்தே பணம் கழியும்படி இணைத்துக்கொள்ளும் வசதி இருப்பதால், ரயிலிலும் அப்படித்தான் என்று பெரியவர்களே நம்பிவிடுகிறார்கள்.

ஏன் இப்படி அமைத்தார்கள்? இந்த அட்டை 1997-இல் நெடுஞ்சாலைச் சாவடிகளில் அறிமுகமானது. அப்போது ஒவ்வொரு வாகனத்துக்கும் மையக் கணினியைக் கேட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க முடியாது. ரயில் நிலைய வாயிலுக்கும் இதே நெருக்கடிதான். ஒருவர் அட்டையை வைத்து எடுக்கும் அரை நொடி அளவு நேரத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அதனால் கணக்குப் புத்தகத்தைப் பயணியின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வாயில் அந்தப் புத்தகத்தை நம்பலாமா என்று இரகசியக் குறியீட்டால் சோதிக்கிறது, படிக்கிறது, திருத்தி எழுதுகிறது. அந்த நேரத்தில் இணையத் தொடர்பு இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

மாற்று வழி ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. சிம்ப்ளிகோ முறையில் மீதத் தொகை அட்டையில் இல்லை, கணினிக் கணக்கில் இருக்கிறது. கைப்பேசியிலேயே பணம் போடலாம். ஆனால் வாயில் திரையில் கட்டணமும் மீதமும் தெரியாது. பழைய அட்டைகளை எல்லாம் இந்த முறைக்கு மாற்றப் போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தபோது மக்கள் கடுமையாக ஆட்சேபித்தார்கள். அதே மாதமே அந்நாட்டின் நிலப் போக்குவரத்து ஆணையம் முடிவை மாற்றிக்கொண்டது. கையில் இருக்கும் புத்தகத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எளிதில் போகாது போலிருக்கிறது.

சரி, தாமான் பஹாகியாவில் நிற்கும் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? முதலில் வரிசையை விட்டு ஓரமாக வாருங்கள். அட்டையைப் புரட்டிப் பாருங்கள். என்.எஃப்.சி. வசதியுள்ள புதிய அட்டையில் அலைகள் போன்ற குறி அச்சிடப்பட்டிருக்கும். அந்த வகையாகவும், உங்கள் கைப்பேசியில் என்.எஃப்.சி. இருப்பதாகவும் இருந்தால் நின்ற இடத்திலேயே சரிசெய்துவிடலாம். இ-வாலட் செயலியில் அட்டைக்குப் பணம் ஏற்றும் பகுதியைத் திறந்து, தொகையைத் தேர்ந்தெடுத்து, கேட்கும்போது அட்டையைக் கைப்பேசியின் பின்புறம் ஒட்டி வைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் அவசரத்தில் கெடுக்கிறார்கள். பணம் கட்டியதோடு வேலை முடியவில்லை. அட்டைக்குள் புதிய தொகையை எழுதுவது அதற்குப் பிறகுதான் நடக்கிறது. முடிந்தது என்று திரை சொல்லும்வரை அட்டையை அசைக்காதீர்கள்.

பழைய வகை அட்டை என்றால் கைப்பேசியால் அதற்குள் எழுத முடியாது. நிலையத்தில் உள்ள இயந்திரத்திலோ முகப்பிலோ, பக்கத்தில் பணம் ஏற்றும் கடையிலோதான் ஏற்ற வேண்டும். கடைகள் சிலவற்றில் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். எனவே கையில் ஒரு 10 ரிங்கிட் நோட்டு தனியாக இருந்தால் நல்லது.

அட்டையில் 60 சென்னுக்குப் பதில் இன்னும் சற்று அதிகம் இருந்தாலும் வாயில் மறுக்கக்கூடும். நீங்கள் அடுத்த நிலையத்தில் இறங்குவீர்களா, கடைசி நிலையம்வரை போவீர்களா என்பது நுழையும்போது வாயிலுக்குத் தெரியாது. அதனால் அது ஒரு குறைந்தபட்சத் தொகையை எதிர்பார்க்கிறது. பணம் கழிவது இறங்கும்போதுதான்.

இப்போது அட்டையில் பணம் இருக்கிறது, ஆனாலும் வாயில் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இதற்குக் காரணம் பெரும்பாலும் அட்டையை வைத்த விதம். அட்டையில் மின்கலம் கிடையாது. அதன் ஓரங்களைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஓடுகிறது. வாயிலின் பலகைக்குள் இருக்கும் இன்னொரு சுருள், நொடிக்கு 13.56 மில்லியன் தடவை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மாறும் காந்தப்புலம் அட்டையின் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்ட, அதில்தான் சில்லு உயிர்பெறுகிறது. படிவம் ஐந்து இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல்தான் இது. சில சென்டிமீட்டர் தள்ளினாலே புலம் வலுவிழந்துவிடும். விசிறிபோல அட்டையை வீசிவிட்டுப் போனால், சில்லு விழித்துக் கணக்கை எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் போய்விடும். அட்டையைப் பலகையில் தட்டையாக வைத்து, ஒலி கேட்டபின் எடுங்கள். பையில் சில்லறை நாணயங்களோ வெள்ளீயத் தாளோ அட்டையோடு ஒட்டியிருந்தாலும் புலம் தடைபடும்.

எழுதும் வேலை பாதியில் நின்றுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், அதே வாயிலில் இன்னொரு முறை வையுங்கள். வேறு வாயிலுக்குத் தாவாதீர்கள். அட்டையில் நுழைவு பதிவாகியும் கதவு திறக்காமல் போயிருக்கலாம். அப்போது அடுத்த வாயில், ‘இந்த அட்டை ஏற்கெனவே உள்ளே போய்விட்டதே’ என்று மறுக்கும்.

‘உள்ளே போய்விட்டது’ என்பதும் அட்டையில் எழுதப்படும் ஒரு குறிப்புதான். பணத்தைவிட அதிகத் தொல்லை தருவது இந்தக் குறிப்பே. எந்த நிலையத்தில் நுழைந்தீர்கள் என்பது சில்லில் பதிவாகும். இறங்கும் நிலைய வாயில் அதைப் படித்துத்தான் கட்டணத்தைக் கணக்கிடுகிறது. கணக்கிட்டு, பணத்தைக் கழித்து, அந்தப் பயணத்தை மூடுகிறது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். உங்கள் பணப்பையில் இரண்டு டச் அண்ட் கோ அட்டைகள். ஒன்று பழையது, 8 ரிங்கிட் மீதம். மற்றொன்று புதியது, 20 ரிங்கிட். தாமான் பஹாகியாவில் பணப்பையைத் திறக்காமல் அப்படியே பலகையில் வைத்தீர்கள், வாயில் திறந்தது. மஸ்ஜிட் ஜமெக்கில் இறங்கி ஸ்ரீ பெட்டாலிங் தடத்துக்கு மாறினீர்கள். அங்கே இரண்டு தடங்களுக்கும் இடையே வாயிலைக் கடக்காமலே மாறலாம் என்பதால் அட்டையை வைக்க வேண்டிய தேவையே வரவில்லை. புக்கிட் ஜாலிலில் இறங்கி, இந்த முறை ஒழுங்காகப் புதிய அட்டையை மட்டும் வெளியே எடுத்து வைத்தீர்கள். சிவப்பு விளக்கு.

20 ரிங்கிட் இருந்தும் ஏன் மறுக்கிறது? நுழைவுக் குறிப்பு பழைய அட்டையில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு அட்டைகள் ஒரே புலத்துக்குள் இருந்தால் இரண்டும் விழித்துப் பதில் சொல்லும். படிக்கும் கருவியால் அவற்றின் எண்களை வைத்துப் பிரித்தறிய முடியும், ஆனால் எதில் பணம் எடுப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்? சில சமயம் இரண்டையும் மறுக்கும். சில சமயம் ஒன்று மட்டும் போதிய சக்தி பெற்றுக் காரியத்தை முடித்துவிடும். அன்று பழைய அட்டை முந்திக்கொண்டது. மைகார்டின் பயன்பாடுகளிலும் டச் அண்ட் கோ சேர்க்கப்பட்டிருந்தது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். இரண்டாவது அட்டை நீங்கள் எதிர்பாராத இடத்திலிருந்தும் வரலாம்.

புக்கிட் ஜாலிலில் பழைய அட்டையைத் தனியே எடுத்து வைத்தால் கதவு திறக்கும். கட்டணம் அதிலிருந்து கழிந்து, புதிய மீதம் திரையில் தெரியும். அதைப் பார்த்துவிட்டே நகருங்கள். 8 ரிங்கிட்டிலிருந்து குறைந்த தொகையா, 20 ரிங்கிட்டிலிருந்தா என்பதே எந்த அட்டை பயணம் செய்தது என்று சொல்லிவிடும்.

ஒரு வேளை அந்த அட்டையில் இறங்கும்போது பணம் போதாமல் போனால், நண்பனின் அட்டையை வாங்கி வைக்கத் தோன்றும். அது வேலைக்கு ஆகாது. அவன் ஏற்கெனவே வெளியேறிவிட்டான், அவன் அட்டையில் பயணம் மூடப்பட்டுவிட்டது. அவன் பணம் தந்து உதவலாம், அட்டையால் உதவ முடியாது. அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு வெளியேறுவது இன்னும் மோசம். உங்கள் அட்டையில் பயணம் திறந்தபடியே கிடக்கும், மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் வாயில் உங்களை உள்ளே விடாது. கூட்ட நேரத்தில் அகலமான பக்கவாயில் திறந்திருக்கிறதே என்று குடும்பத்தோடு நடந்து போனவர்களுக்கும் இதே கதைதான்.

இந்த நிலைமைகளில் எல்லாம் வாயில்களை ஒட்டியுள்ள வாடிக்கையாளர் சேவை முகப்புக்குப் போங்கள். வெளியே வராமலே உள்ளிருந்தபடி ஊழியரை அழைத்துப் பேசலாம். எந்த நிலையத்தில், ஏறக்குறைய எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பணப்பையில் வேறு அட்டை இருந்தால் அதையும் சேர்த்தே நீட்டுங்கள். அவர் அட்டையை ஒரு கருவியில் வைத்துப் பார்ப்பார். திறந்து கிடக்கும் பயணம் அதில் தெரியும். விதிப்படியான தொகையைப் பெற்று அதை மூடிவிடுவார். நீங்கள் சொல்வதும் சில்லு சொல்வதும் ஒத்துப்போனால் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

டோக்கனில் பயணம் செய்பவர்களுக்கு ஒன்று. அந்த நீல நிற வட்டுக்குள்ளும் சில்லு இருக்கிறது. ஆனால் அதற்குப் பணம் ஏற்ற முடியாது, வாங்கும்போது தேர்ந்தெடுத்த தூரத்துக்கு மட்டுமே அது செல்லும். பேச்சு மும்முரத்தில் இரண்டு நிலையம் தாண்டி இறங்கிவிட்டால் வெளிவாயில் திறக்காது. முகப்பில் வித்தியாசத் தொகையைக் கட்டினால் போதும். டோக்கனைத் தொலைத்துவிட்டால் கதை வேறு. நுழைவுக் குறிப்பு அதோடு போய்விட்டதால், நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்று காட்ட எதுவும் இருக்காது. ஆகவே உள்ளே நுழைந்ததும் அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிவிடுங்கள்.