வாசிப்புப் பதிவில் எது தவறு, எது தவறில்லை

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைச் சத்தம்போட்டு வாசிக்கிறாள். அம்மா கைப்பேசியில் பதிந்துகொள்கிறார். பதிவு இரண்டு நிமிடம்தான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு "ஒன்பது இடத்தில் தப்பு" என்று எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. எந்தச் சொல்லை எப்படி வாசித்தாள், அது எழுத்து தெரியாமல் வந்ததா, ஊர்ப் பேச்சால் வந்ததா என்று பிரித்துச் சொன்னால்தான் மறுநாள் என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியும்.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே என்ற கல்வியாளர் வகுத்தது. பிள்ளை வாசிக்கும்போது ஆசிரியர் ஒவ்வொரு சரியான சொல்லுக்கும் ஒரு டிக் போடுவார். மாற்றி வாசித்தால், பிள்ளையின் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதி அதன் கீழே புத்தகத்தில் இருப்பதை எழுதுவார். பிள்ளை தானே திருத்திக்கொண்டால் அதைத் தனியாகக் குறிப்பார், அது தவறாகாது. உச்சரிப்பு வழக்கும் தவறாகாது. நூற்றுக்குத் தொண்ணூறு சொற்களாவது சரியாக வந்தால்தான் அந்தப் பாடத்தை வைத்துக் கற்றுக்கொடுக்கலாம், அதற்குக் கீழே போனால் பாடம் கடினம் என்பது அவர் கணக்கு. பதிவு கையில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி: நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. கொக்கைப் பற்றிய பத்தி, அறுபது சொற்கள். பதிவில் ஒன்பது இடங்கள் புத்தகத்தோடு ஒட்டவில்லை. மீன்களை என்பதை "மின்களை" என்றாள். தேடி என்பது "தெடி" ஆனது, மேலே என்பது "மெலே" ஆனது. கொத்தியது என்பதை "கெத்தியது" என்றாள். மழையும் வாழையும் "மளை", "வாளை" ஆயின. இருந்தது என்ற இடத்தில் "இருந்துச்சு" என்றும் குளத்தங்கரையில் என்ற இடத்தில் "குளக்கரையில்" என்றும் சொன்னாள். ஓரிடத்தில் "கோ..." என்று தொடங்கி, நின்று, "கொக்கு" என்று தானே திருத்திக்கொண்டாள்.

ஒன்பதையும் தவறு என்று எடுத்தால் 85 சதவீதம். பாடம் கடினம் என்று ஒதுக்கிவிடுவோம். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

"மளை", "வாளை" இரண்டும் வாசிப்புத் தவறாக இருக்க வேண்டியதில்லை. மதுரைப் பக்கம் பலர் ழகரத்தை ளகரமாகவே பேசுகிறார்கள். இலங்கைத் தமிழரிலும் பலர் அப்படித்தான். சோதிக்க எளிய வழி இருக்கிறது. எழுத்தே இல்லாமல் வாழைப்பழத்தின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். அப்போதும் "வாளைப்பளம்" என்றால் அது அவள் நாக்கின் பழக்கம். எழுத்து அவளுக்குத் தெரியாது என்று முடிவு கட்டக்கூடாது. நாப்பழக்கத்துக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள், தடையில்லை. வாசிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ரகர றகர வேறுபாடு பலரின் பேச்சில் கேட்பதே இல்லை. ஆகவே "பறந்தது" என்பதைப் பிள்ளை சரியாகப் புரிந்துதான் வாசித்தாளா என்று எந்தப் பதிவும் சொல்லாது. அதைச் சொல்வதெழுதுதல் வைத்துத்தான் பார்க்க முடியும்.

"இருந்துச்சு", "குளக்கரையில்" இரண்டும் வேறு வகை. புத்தகத் தமிழைப் பேச்சுத் தமிழாக்கியும், நீண்ட சொல்லைச் சுருக்கியும் வாசித்திருக்கிறாள். கிளேயின் கணக்கில் இவை தவறுதான். ஆனால் பொருள் கெடவில்லை. கதை புரிந்துதான் வாசிக்கிறாள் என்பதற்கு இவையே சாட்சி. சொல்லின் முடிவுவரை கண்ணை ஓட்டாமல் ஊகிக்கிறாள் என்பதே இதில் கவலைக்குரிய பங்கு. எனவே தவறாக எண்ணுங்கள், குறிப்பில் காரணத்தையும் எழுதுங்கள்.

மீதமுள்ள நான்கில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று இடங்களில் நெடில் குறிலாகியிருக்கிறது. நான்காவதில் கொம்பைப் பார்த்தவள் பின்னால் நிற்கும் துணைக்காலை விட்டுவிட்டாள். ஆக இது நான்கு சொற்களின் சிக்கல் இல்லை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால், சுழி ஆகிய குறிகளை முழுதாகப் பார்க்காத ஒரே சிக்கல். "கொக்கு" என்ற இடத்தில் தானே திருத்திக்கொண்டதும் இதையே காட்டுகிறது: குறி அவளுக்குத் தெரியும், அவசரத்தில் தவறுகிறது. இப்போது தவறு ஆறு, சரி 54, அதாவது 90 சதவீதம். பாடத்தை மாற்ற வேண்டியதில்லை.

பெற்றோருக்குப் போகும் குறிப்பு இவ்வளவு போதும்:

"கதை நன்றாகப் புரிகிறது. நெடில் குறி வரும் எட்டு இடங்களில் மூன்றைக் குறிலாக வாசித்தாள் (மீன், தேடி, மேலே). இந்த வாரம் தெரு–தேர், மெல்ல–மேலே, கெடு–கேடு எனச் சோடிச் சொற்களைத் தினமும் ஐந்து நிமிடம் வாசிக்கட்டும். ழகரம் பேச்சுப் பழக்கமாகத் தெரிகிறது. வாசிக்கும்போது நிறுத்தித் திருத்த வேண்டாம்."

எட்டில் மூன்று என்று எழுதியதைக் கவனியுங்கள். முன்னேற்றம் இந்த விகிதத்தில்தான் தெரியும். அடுத்த வாரம் புதிய பத்தி கொடுத்து, நெடில் குறி பத்து இடங்களில் வந்து இரண்டு தவறினால் முன்னேற்றம். வெறுமனே "போன வாரம் மூன்று, இந்த வாரம் இரண்டு" என்றால், அந்தக் குறியே குறைவாக வந்த பத்தியாகக்கூட இருக்கலாம். அதே பத்தியைத் திரும்ப வாசிக்கச் சொல்லி அளப்பதும் வீண். பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள், நாமும் மகிழ்ந்துபோவோம்.

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்கு வகுத்த அட்டவணைகளைத் தமிழுக்குப் பொருத்தாதீர்கள். "ஓடிக்கொண்டிருந்தார்கள்" நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அது மூன்று. பிள்ளையின் சென்ற மாத வேகத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இந்த வேலையை இப்போது செயலிகளிடமும் கொடுக்கிறார்கள். இதில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். கூகுள் 2019-ல் இந்தியாவில் 'போலோ' என்று தொடங்கிப் பின்னர் 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றிய செயலிக்கு, பிள்ளை வாசிக்கும் கதை முன்பே தெரியும்; கேட்டதை அதோடு ஒப்பிடும். பொதுவான குரல்–எழுத்துச் செயலிக்குப் புத்தகம் தெரியாது. பொருளுள்ள சொல்லையே எதிர்பார்க்கும். அதனால் பிள்ளை "தெடி" என்றாலும் அது "தேடி" என்றே எழுதிவிடும். நாம் தேடும் தவறு அங்கேயே மறைந்துபோகும். பெரியவர்களின் குரலில் பயின்ற செயலி சின்னக் குரலில் அதிகம் தடுமாறும், சரியாக வாசித்ததையும் தவறு என்று காட்டும். பக்கத்திலிருந்து அம்மா எடுத்துக்கொடுத்த சொல்லைப் பிள்ளையின் கணக்கில் சேர்த்துவிடவும் கூடும். திக்கி நின்றதும் தானே திருத்தியதும் பெரும்பாலும் எழுத்தில் வருவதில்லை.

செயலி தந்த தவறுப் பட்டியலை நம்புவதற்குமுன், ஒவ்வொரு சொல்லும் பதிவில் எத்தனையாவது நொடியில் வருகிறது என்று பார்த்து, மூன்றையாவது நீங்களே கேளுங்கள். தவறில்லை என்று அது விட்ட பகுதியிலும் அரை நிமிடம் கேளுங்கள். இரண்டிலும் பொருந்தவில்லை என்றால் பட்டியலை ஒதுக்கிவிட்டுப் பென்சிலை எடுங்கள். இரண்டு நிமிடப் பதிவுக்குக் கால் மணி நேரம் போதும்.

நான்கு வாரம் பயிற்சி கொடுத்தும் அதே குறிகளில் விகிதம் அசையவில்லை என்றால், நான்கு வாரக் குறிப்புகளையும் பதிவுகளையும் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். பிள்ளையின் கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.