அரிவாள்மனைத் துருவுக்கு உருளைக்கிழங்கா, வினிகரா?

காய் நறுக்கப் பலகையும் ஸ்டீல் கத்தியும் வந்தபிறகு பல வீடுகளில் அரிவாள்மனை பரணுக்குப் போய்விட்டது. வீட்டில் ஒரு விசேஷம் வந்து, சேனையும் பூசணியும் மூட்டையாக வந்து இறங்கும்போதுதான் அதன் ஞாபகம் வரும். இறக்கிப் பார்த்தால் அலகு முழுக்கச் செம்மண் பூசியதுபோல் துரு. உடனே பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட வேண்டாம். கொல்லர் அடித்த எஃகு அலகு, மேலே துரு ஏறியிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சமையலறையில் இருக்கும் பொருட்களை வைத்தே அதை மீட்டுவிடலாம். எந்தப் பொருளை எதற்கு, எவ்வளவு நேரம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

இரும்பும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஈரமும் சேர்ந்தால் துரு. தாமிரத்தில் பிடிக்கும் பச்சைக் களிம்பு ஓரளவு போர்வையாக இருந்து உள்ளே இருப்பதைக் காக்கும். துரு அப்படியில்லை. அது பொருக்குப் பொருக்காக, நுண்ணிய ஓட்டைகளோடு வளர்வதால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலும் மேலும் உள்ளே தின்னும். உப்பு இருந்துவிட்டால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பி முதல் கத்தரிக்கோல் வரை சீக்கிரமே பழுப்பேறுவது அதனால்தான்.

துருவைக் கரைப்பது அமிலம். உருளைக்கிழங்கில் ஆக்ஸாலிக் அமிலம் இருக்கிறது. வினிகரில் அசிட்டிக் அமிலம். உப்பில் அமிலமே கிடையாது. அது செய்யும் வேலை இரண்டு: கரகரப்பால் தேய்த்து எடுக்கும், அமிலத்தோடு சேரும்போது அதன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டும். வேலை முடிந்தபின் ஒரு துளி உப்பு இரும்பில் தங்கினாலும் அதுவே அடுத்த துருவுக்கு வித்து. ஆகவே உப்பைத் தொட்டவர்கள் கழுவுவதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

உருளைக்கிழங்கு வைத்தியம் மேலோட்டமான துருவுக்கு மட்டும். மழைக்காலத்தில் ஈரத்தோடு எடுத்து வைத்த கத்தியில் மறுநாள் ஆரஞ்சுப் பொட்டுகள் தெரியுமே, அந்த மாதிரித் துருவுக்கு. கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் தூள் உப்பைத் தொட்டு, அலகின் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டும். முதுகுப் பக்கத்திலிருந்து கூர்ப் பக்கம் நோக்கி ஒரே திசையில் தேய்த்தால் கை வெட்டுப்படாது. முகம் கறுத்ததும் ஒரு மெல்லிய வில்லையைச் சீவி எறிந்துவிட்டுப் புது முகத்தால் தொடரலாம். துரு சற்று அழுத்தமாக இருந்தால் முழுக் கிழங்கில் கத்தியைச் செருகி இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு தேய்க்கலாம்.

அப்படிக் கறுத்து வழிவது எல்லாமே துரு என்று நினைத்துவிட வேண்டாம். கிழங்கிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருநீலமாக மாறும். இரும்பு அரிவாள்மனையில் வாழைப்பூவோ வாழைக்காயோ நறுக்கினால் காயும் கையும் கறுப்பதும் கிட்டத்தட்ட இதே காரணத்தால்தான். ஆகவே சாறு கறுத்துக்கொண்டே இருக்கிறதே என்று தேய்த்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. அலகைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் போயிருந்தால் வேலை முடிந்தது. காய் நறுக்கி நறுக்கிப் பழைய இரும்புக் கத்தியில் படியும் மழமழப்பான சாம்பல் கறுப்பு நிறமும் துரு அல்ல. அது கத்திக்கு நல்லது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு அதைச் சுரண்டி எடுப்பது வீண் வேலை.

கிழங்கில் சமையல் சோடாவைத் தொட்டுத் தேய்க்கச் சொல்லும் குறிப்பு வீட்டுக்கு வீடு சுற்றுகிறது. சோடா காரம். கிழங்கில் இருப்பதே கொஞ்சம் அமிலம். அதையும் சோடா அடித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தேய்ப்புதான். வினிகரில் சோடாவைக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்வதும் இதே கதை. அந்தப் பொங்கலில் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. துரு அப்படியே இருக்கிறது. சோடாவுக்கு இந்த வேலையில் இடம் உண்டு, ஆனால் கடைசியில்.

இனி, பரணிலிருந்து இறங்கிய அந்த அரிவாள்மனை. அதன் துரு பல வருடத்துத் துரு, உருளைக்கிழங்குக்கு மசியாது. வினிகர்தான் வேண்டும். கடையில் விற்கும் சாதாரண வெள்ளை வினிகரே போதும். அதில் அமிலம் பொதுவாக 4 முதல் 5 சதவீதம். கத்தியைப்போல் இதை முக்கி வைக்க முடியாது. அலகு மரப்பலகையில் இறங்கியிருக்கிறது. பலகை ஊறினால் உப்பிப் பிளக்கும், அலகு இறங்கிய துளைக்குள் போன அமிலம் வெளியே வராமல் அங்கேயே இருந்து இரும்பைத் தின்னும். மரப்பிடி போட்ட கத்திக்கும் இதே எச்சரிக்கைதான்.

முதலில் சோப்பும் நாரும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். பிசுக்கு இருக்கும் இடத்தில் வினிகர் இறங்காது. பொருக்காக நிற்கும் துருவை ஸ்டீல் நாரால் தட்டி உதிர்த்துவிடலாம். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, வினிகரில் நனைத்து, அலகு முழுவதும் இடைவெளி இல்லாமல் சுற்ற வேண்டும். பலகைக்கு ஒரு விரல் உயரம் மேலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. துணி காய்ந்துவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றலாம். துரு மிகக் கனமாக இருந்தால் ஒரு கப் வினிகருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வினிகர் மட்டும் போதும்.

அரை மணிக்கு ஒருமுறை ஓர் இடத்தில் துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். இந்தப் பார்வைதான் முக்கியம். வினிகருக்குத் துரு வேறு, இரும்பு வேறு என்று தெரியாது. துரு இருக்கும்வரை பெரும்பாலும் அதைக் கரைக்கும். அது தீர்ந்ததும் நல்ல இரும்பில் கை வைக்கும். துரு இளகிக் கறுஞ்சேறாக மாறி, நகத்தால் வழித்தால் கீழே சாம்பல் நிற இரும்பு தெரிந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். முக்கி வைத்த பொருளாக இருந்தால் இன்னோர் அடையாளம் உண்டு. துரு போன இடத்திலிருந்து பொடிப் பொடியாகக் குமிழிகள் கிளம்பும். அது ஹைட்ரஜன், இரும்பு கரைகிறது என்று அர்த்தம். அரிவாள்மனைக்குப் பொதுவாக இரண்டு மூன்று மணி நேரம் போதும். மண்வெட்டி, கடப்பாரை போன்ற தடித்த சாமான்களை ஓர் இரவு விடலாம். கூரான அலகை இரவு முழுக்க ஊறவிட்டால் முதலில் பறிபோவது கூர்தான், ஏனென்றால் அங்கேதான் இரும்பு மிக மெல்லியது.

முக்கும்போது பொருள் முழுவதும் முழுக வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே நின்றால் வினிகரின் மேல்மட்டம் தொடும் இடத்தில் இரும்பு கோடு போட்டதுபோல் அரித்துவிடும். அந்தக் கோடு பிறகு போகவே போகாது. பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம். பாத்ரூம் கழுவும் பிளீச்சிங் சமாச்சாரம் எதுவும் வினிகரோடு சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும்.

துணியை எடுத்தபின் நேரத்தைக் கடத்தக் கூடாது. கறுஞ்சேற்றை நாரால் தேய்த்துக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து அலகை நன்றாக நனைத்துத் துடைக்க வேண்டும். மிச்சமிருக்கும் அமிலத்தை இது அடக்கும். சோடாவின் இடம் இதுதான். பிறகு வெந்நீரை அலகின் மேல் ஊற்றினால் இரும்பு சூடேறித் தானே சீக்கிரம் உலரும். உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கழுவி அப்படியே சாய்த்து வைத்தால், கண்ணெதிரே சில நிமிடங்களிலேயே மஞ்சள் படலம் படரும். அமிலத்தில் குளித்து வந்த வெற்று இரும்பு அவ்வளவு பசியோடு இருக்கும். படர்ந்துவிட்டால் பயப்பட வேண்டாம். எண்ணெய் தொட்ட நாரால் ஒரு தேய் தேய்த்தால் போய்விடும்.

ஈரம் முழுக்கப் போனதும் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவ வேண்டும். வழிய வழியத் தடவினால் தூசி ஒட்டும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். தோட்டச் சாமானுக்கு மெஷின் எண்ணெயே போதும். காய் நறுக்கும் அலகில் மட்டும் அது வேண்டாம். அலகில் துரு தின்ற குழிகள் தெரியும். அவற்றை எந்த அமிலமும் நிரப்பித் தராது. குழி அலகின் உடம்பில் இருந்தால் பாதகமில்லை. கூர்ப் பக்கத்திலேயே இருந்தால் சாணை பிடிப்பவர் அந்தக் குழி மறையும்வரை தேய்த்தெடுக்க வேண்டும். அலகு அந்த அளவு குறுகும்.

கத்தரிக்கோலுக்குத் தனிக் கவனம் தேவை. திருகாணி போட்டதாக இருந்தால் கழற்றி இரண்டு அலகையும் தனித்தனியாகச் சுத்தம் செய்யலாம். தறைந்த ஆணியாக இருந்தால் வினிகரில் முக்காதீர்கள். மூட்டுக்குள் போன அமிலத்தைக் கழுவி எடுக்க வழியே இல்லை. உருளைக்கிழங்கோ வினிகர் நனைத்த துணியோ போதும், மூட்டில் கடைசியாக ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். இரண்டு அலகும் ஒன்றையொன்று பார்க்கும் உள்முகத்தில் உப்புத்தாள் போடவே கூடாது. அந்த முகம் லேசாகக் குழிந்திருந்தால்தான் துணி வெட்டுப்படும். தேய்த்துத் தட்டையாக்கிவிட்டால் துணி அலகுகளுக்கு நடுவே மடங்கிக்கொள்ளும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தியில் புள்ளி புள்ளியாகத் துரு கண்டால் உப்பும் வேண்டாம், இரும்பு நாரும் வேண்டாம். இரண்டுமே புதுப் புள்ளிகளைக் கொண்டுவந்துவிடும். வெட்டிய கிழங்கை மட்டும் தேய்த்துக் கழுவித் துடைத்தால் போதும். துத்தநாகப் பூச்சுள்ள வாளி, தகரச் சாமான்களை வினிகர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். துருவுக்கு முன்னால் பூச்சுதான் கரையும்.

இந்த வேலையில் கை கீறிக்கொள்வது சகஜம். டெட்டனஸைக் கொண்டுவருவது துரு அல்ல. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி. அதனால் சமையலறைக் கத்தியைவிட மண்வெட்டியும் களைக்கொத்தும் கீறினால்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். காயத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தடுப்பூசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று மருத்துவரிடம் சொல்லி அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஆயுத பூஜை அன்று கத்தி, அரிவாள் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஈரச் சந்தனம் காய்ந்த இடத்திலேயே அடுத்து வரும் ஐப்பசி மழையில் துரு பிடிக்கும். பூஜை முடிந்த மறுநாள் அதைத் துடைத்து, ஒரு கை எண்ணெய் தடவி, நாளிதழில் சுற்றி வைத்துவிடுங்கள்.